வகையிடல் உருமாற்றமும் நான் கோட்டைவிட்ட மதிப்பெண்களும்

நேரியல் இயற்கணிதத்தின் உள்தேர்வில் ஒரு கேள்வி வந்தது. படி 3-ஐத் தாண்டாத மெய்க்கெழுப் பல்லுறுப்புக்கோவைகளின் வெளியில் D(p) = p′ என்ற உருமாற்றத்தின் ஐகன் மதிப்புகளைக் காண்க; D-ஐ மூலைவிட்டமாக்க முடியுமா? எனக்குத் தெரிந்த கணக்குதான். விறுவிறுவென்று அணியை எழுதினேன், ஐகன் மதிப்பு 0 மட்டும்தான் என்று கண்டேன். கடைசி வரியில், "0 ஐகன் மதிப்பாக இருப்பதால் D-க்கு நேர்மாறு இல்லை, எனவே மூலைவிட்டமாக்க முடியாது" என்று முடித்தேன். விடை சரி, காரணம் தப்பு. இரண்டாம் பகுதிக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையில் "x·p′ ?" என்று மட்டும் எழுதியிருந்தார். அது என்னவென்று புரிய எனக்கு அன்று மாலை வரை ஆனது. அதற்குப் பின்னால் வருகிறேன், முதலில் கணக்கு.

பேஸிஸாக 1, x, x², x³ என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு உறுப்புகள், ஆகவே வெளியின் பரிமாணம் 4. "படி 3" என்று கண்ணில் பட்டவுடன் 3×3 அணி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். 1-ஐ வகையிட்டால் 0, x-க்கு 1, x²-க்கு 2x, x³-க்கு 3x². இந்த விடைகளின் கெழுக்களை நிரல்களாக அடுக்க வேண்டும்:

```
0 1 0 0
0 0 2 0
0 0 0 3
0 0 0 0
```

நிரலுக்குப் பதில் நிரையாக அடுக்கிவிட்டால் இதன் இடமாற்று அணி வரும். அப்போதும் ஐகன் மதிப்பு 0 என்றே வரும் என்பதால் தப்பு நடந்ததே தெரியாது. ஐகன்வெக்டர் காணும்போதுதான் குட்டு வெளிப்படும்: அந்த அணி x³-ஐ ஐகன்வெக்டர் என்று சொல்லும். x³-ஐ வகையிட்டுப் பாருங்கள், 3x² வருகிறது, 0 வரவில்லை. அதனால் கிடைத்த ஐகன்வெக்டரை மறுபடி பல்லுறுப்புக்கோவையாக எழுதி ஒருமுறை வகையிட்டுப் பார்ப்பது என் வழக்கம். பத்து நொடி வேலை.

அணி மேல்முக்கோண வடிவில் இருக்கிறது, மூலைவிட்டம் முழுக்க 0. எனவே சிறப்பியல்புக் கோவை t⁴. 1, 2, 3 என்ற எண்கள் மூலைவிட்டத்துக்கு ஒரு படி மேலே இருக்கின்றன. அவசரத்தில் அவற்றை ஐகன் மதிப்புகள் என்று எழுதிவிடக் கூடாது.

அணியே இல்லாமலும் இதைக் காட்டலாம், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். p = a + bx + cx² + dx³ என்பது பூச்சியமல்லாத ஐகன்வெக்டர் என்றும், p′ = λp என்றும் வைப்போம். அதாவது

b + 2cx + 3dx² = λa + λbx + λcx² + λdx³

இப்போது மேல் படியிலிருந்து கீழே இறங்குங்கள். x³-இன் கெழுவை ஒப்பிட்டால் 0 = λd. λ பூச்சியம் இல்லையென்றால் d = 0. அடுத்து 3d = λc; d போய்விட்டதால் c = 0. 2c = λb, எனவே b = 0. b = λa, எனவே a = 0. ஒன்று விழ, வரிசையாக எல்லாமே விழுந்து p பூச்சியமாகிவிட்டது. ஆக λ = 0 தவிர வழியில்லை. λ = 0 என்றால் p′ = 0, அதாவது p ஒரு மாறிலி. ஐகன்வெளி என்பது மாறிலிகள் மட்டுமே, அதன் பரிமாணம் 1.

இங்கே ஒருவர் கேட்பார்: e^(λx)-ஐ வகையிட்டால் λe^(λx) வருகிறதே, எல்லா λ-வும் ஐகன் மதிப்பு ஆகாதா? எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடத்தக்க சார்புகளின் வெளியில் ஆகும். ஆனால் λ பூச்சியமல்லாதபோது e^(λx) பல்லுறுப்புக்கோவை அல்ல, நம் வெளிக்குள் அது இல்லவே இல்லை. உருமாற்றத்தின் சூத்திரம் ஒன்றாக இருந்தாலும், வெளி மாறினால் ஐகன் மதிப்புகளும் மாறும்.

இனி நான் சறுக்கிய இடம். மூலைவிட்டமாக்க வேண்டுமென்றால் ஐகன்வெக்டர்களாலேயே ஆன ஒரு பேஸிஸ் வேண்டும். நமக்குத் தேவை ஒன்றையொன்று சாராத நான்கு ஐகன்வெக்டர்கள்; கிடைப்பதோ ஒன்றுதான். காரணம் இந்தப் பற்றாக்குறை. நேர்மாறு இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. திருத்தியவர் எழுதிய x·p′ அதைத்தான் காட்டுகிறது. p-ஐ x·p′-க்கு அனுப்பினால் 1 → 0, x → x, x² → 2x², x³ → 3x³. ஐகன் மதிப்புகள் 0, 1, 2, 3. அதிலும் 0 இருக்கிறது, அதற்கும் நேர்மாறு இல்லை, ஆனால் அது ஏற்கெனவே மூலைவிட்ட வடிவிலேயே நிற்கிறது. என் காரணம் உண்மையாக இருந்திருந்தால் இது நடந்திருக்கவே முடியாது. "ஐகன் மதிப்பு திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் முடியாது" என்பதும் இதே ரகம்தான்: முற்றொருமை அணியில் 1 நான்கு முறை வருகிறதே!

ஐகன்வெக்டர்களை எண்ணாமலே இரண்டு வரியில் முடிக்கவும் ஒரு வழி உண்டு. D-ஐ மூலைவிட்டமாக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், அந்த மூலைவிட்டத்தில் ஐகன் மதிப்புகள்தான் நிற்க வேண்டும், அதாவது எல்லாம் 0. எனவே D-இன் அணி A = P·0·P⁻¹ = 0, D பூச்சிய உருமாற்றம். ஆனால் D(x) = 1. முரண்பாடு. தேர்வில் நேரம் குறைவாக இருந்தால் நான் இதைத்தான் எழுதுவேன்.

மூலைவிட்டம் கிடைக்காவிட்டால் வேறு எது கிடைக்கும் என்பது சில நேரம் துணைக்கேள்வியாக வரும். x³-ஐ வகையிட்டுக்கொண்டே போனால் x³ → 3x² → 6x → 6 → 0 என்று ஒரே சங்கிலி. பேஸிஸை 6, 6x, 3x², x³ என்ற வரிசையில் எடுத்தால் ஒவ்வொன்றும் வகையிடும்போது தனக்கு முந்தையதாக மாறும். அணியில் 1, 2, 3 இருந்த இடங்களில் 1, 1, 1 வரும். இதுதான் ஜோர்டான் வடிவம், 4×4 அளவில் ஒரே தொகுதி. மூன்று முறை வகையிட்ட பிறகும் 6 மிச்சமிருப்பதால் சிறுமக் கோவை t³ ஆகாது, t⁴ தான்.

பருவத் தேர்வில் இதே கேள்வி வேஷம் மாறி வந்தது: p(x)-ஐ p(x+1)-க்கு அனுப்பும் T-ஐ மூலைவிட்டமாக்க முடியுமா? x² போய் x² + 2x + 1 ஆகிறது, x³ போய் x³ + 3x² + 3x + 1 ஆகிறது. மீண்டும் மேல்முக்கோணம், இம்முறை மூலைவிட்டம் முழுக்க 1. அணிக்கோவை 1, எனவே நேர்மாறு இருக்கிறது. என் பழைய காரணத்தை எழுதவே வழியில்லை. மூலைவிட்டமாக்க முடிந்தால் T முற்றொருமை உருமாற்றமாக இருக்க வேண்டும். ஆனால் x போய் x + 1 ஆகிறது. முடியாது என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.