மூன்று முகூர்த்தங்களில் நின்றுபோன ஜெனரேட்டர்: தவறு இன்ஜினில் இல்லை, அறையில்தான்

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. போன ஆண்டு புதிதாக 500 கேவிஏ ஜெனரேட்டர் வாங்கினோம். செட் வந்து இறங்கியது, கேபிள் இழுத்தது, எர்த்திங், மின் ஆய்வாளர் அனுமதி எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தன. அதன் பிறகு பட்ட பாடுதான் இந்தப் பதிவு. மூன்று முகூர்த்தங்களில் செட் பாதியில் நின்றது. ஒன்றில் தாலி கட்ட இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. மணப்பெண்ணின் அப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

சத்தம் குறைக்கும் கேனப்பி என்ற இரும்புக் கூட்டோடு வந்த செட் அது. அதைத் திறந்த வெளியில் வைப்பதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். பின்பக்கத் தெருவில் வீடுகள் இருப்பதாலும், மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்பதாலும், எங்கள் முதலாளி மண்டபத்தின் பின்னால் தனி அறை கட்டி அதற்குள் வைக்கச் சொன்னார். அறையின் வரைபடத்தை ஓர் ஆலோசகர் போட்டுக் கொடுத்தார். காற்று உள்ளே வர ஒலி தடுக்கும் லூவர், அதாவது தகடுகள் அடுக்கிய திறப்பு, இரண்டு, ஒவ்வொன்றும் 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர். சூடான காற்று வெளியேறத் தனியாக ஒரு திறப்பு. “தேவைக்கு மேலேயே வைத்திருக்கிறேன்” என்றார். நானும் நம்பிவிட்டேன்.

ஏப்ரல் மாதம் முதல் முகூர்த்தம். ஏசி முழுதும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதாவது நிமிடத்தில் கூலன்ட் சூடு எல்லை தாண்டி செட் தானாக நின்றது. சர்வீஸ் ஆள் வந்து ராடியேட்டரை அழுத்த நீரில் கழுவினார், தெர்மோஸ்டாட்டை மாற்றினார், பெல்ட்டை இறுக்கினார். அடுத்த முகூர்த்தத்திலும் அதே நாற்பது நிமிடம். “அறைக்குள் சூடு தங்குகிறது, எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள்” என்று ஒருவர் சொல்ல, சுவரில் 24 அங்குல ஃபேன் இரண்டு மாட்டினோம். மூன்றாவது முகூர்த்தத்தில் முப்பது நிமிடத்திலேயே நின்றது. ஃபேன் போட்ட பிறகு நிலைமை மோசமாகிறது என்றால் எங்கோ அடிப்படையிலேயே கோளாறு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வழியைக் காட்டியவர் வாட்ச்மேன் அண்ணன். “சார், செட் ஓடும்போது இந்தக் கதவைத் திறக்கவே முடியல. உள்ளேயிருந்து யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு” என்றார். வெளிப்பக்கமாகத் திறக்கும் இரும்புக் கதவு அது. நான் போய் இழுத்துப் பார்த்தேன், உண்மைதான். இருவரும் சேர்ந்து இழுத்துத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்தோம். பத்து நிமிடத்தில் கூலன்ட் சூடு ஆறு டிகிரி இறங்கியது.

ஒரு லெவல் டியூபில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அறைக்குள்ளும் இன்னொன்றை வெளியேயும் வைத்துப் பார்த்தேன். கதவு மூடியிருக்கும்போது 9 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. எங்கள் கதவு இரண்டு சதுர மீட்டர். அப்படியென்றால் 18 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் அதை மூடிப் பிடித்திருக்கிறது. கேனப்பி இல்லாத செட்டுக்கே ராடியேட்டர் ஃபேன் தாங்கும் தடை பொதுவாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் அளவுதான். கேனப்பியின் உள் தடுப்புகளே அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும். மீதி இருக்கும் கொஞ்சத்தில்தான் அறை, லூவர், காற்றைக் கொண்டுபோகும் டக்ட் எல்லாம் அடங்க வேண்டும். எங்கள் அறை மட்டுமே ஒன்பதைத் தின்றுகொண்டிருந்தது.

அப்புறம் டேட்டா ஷீட்டை எடுத்து உட்கார்ந்தேன். இன்ஜின் எரிப்புக்கு வேண்டிய காற்று நிமிடத்துக்குச் சுமார் 36 கன மீட்டர், அதாவது நொடிக்கு 0.6. ராடியேட்டர் ஃபேன் தள்ளும் காற்று நொடிக்கு 10 கன மீட்டர். ஆலோசகர் கணக்கில் முதல் எண் மட்டும்தான் இருந்தது. இன்ஜின் மூச்சு விடுவதற்குப் போதுமான வழியை வைத்துவிட்டு, அதைப் போலப் பதினாறு மடங்கு காற்றை ராடியேட்டர் கேட்கும் என்பதை விட்டுவிட்டார். உங்களுக்கு யாராவது அறை வரைபடம் கொடுத்தால், காற்றளவு எந்த எண்ணிலிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். இரண்டையும் கூட்டித்தான் நுழைவழி போட வேண்டும்.

லூவரிலும் ஓர் ஏமாற்றம் இருந்தது. இரண்டும் சேர்ந்து 2.88 சதுர மீட்டர் என்று வரைபடத்தில் போட்டிருந்தது. ஆனால் ஒலி தடுக்கும் லூவரில் தகடுகளுக்கு நடுவே உண்மையில் திறந்திருக்கும் இடம் எங்களுடையதில் 35 சதவீதம்தான். ஆக ஒரு சதுர மீட்டர். அதன் வழியே 10 கன மீட்டர் போக வேண்டுமென்றால் நொடிக்கு 10 மீட்டர் வேகம் வேண்டும். நான்கு மீட்டர் வேகத்துக்குள் வைத்தால்தான் தடை குறைவாக இருக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஏன் கெடுத்தது என்பதும் இப்போது புரிந்தது. அறையிலிருந்து காற்றை வெளியே தள்ளும் வேலையை ராடியேட்டர் ஃபேனே செய்கிறது. உள்ளே வரும் வழி இறுகியிருக்கும்போது இன்னும் இரண்டு ஃபேன் சேர்ந்து உறிஞ்சினால், ராடியேட்டருக்குக் கிடைத்த கொஞ்சக் காற்றிலும் பங்கு போகிறது. அன்றைக்கே இரண்டையும் கழற்றிவிட்டேன்.

இதோடு முடியவில்லை. கேனப்பியின் வெளியேற்ற முகத்துக்கும் சுவர்த் திறப்புக்கும் நடுவே இரண்டடி இடைவெளி விட்டிருந்தார்கள், டக்ட் இல்லை. வெளியே போக வேண்டிய சூடான காற்றில் ஒரு பகுதி சுவரில் மோதித் திரும்பி, செட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய் மறுபடி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. வெளியே நிழலில் 37 டிகிரி இருந்தபோது கேனப்பியின் நுழைவாயிலில் தெர்மாமீட்டர் 54 காட்டியது. எங்கள் ராடியேட்டரின் வடிவமைப்பு எல்லை 50. இந்த ஒரு சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம்: வெளியே ஒரு தெர்மாமீட்டர், நுழைவாயிலில் ஒன்று. ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தெர்மோஸ்டாட்டைத் தொடுவதற்கு முன் அறையைப் பாருங்கள். ஏர் ஃபில்டரும் அதே சூடான காற்றைத்தான் இழுக்கிறது. 37-க்குப் பதில் 54 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி ஐந்து சதவீதம் குறையும், இன்ஜினின் பலத்திலும் அது தெரியும்.

பட்டறைக்காரரை அழைத்துப் பின்சுவரை உடைத்து 3.6 மீட்டருக்கு 2 மீட்டர் லூவர் வைத்தோம். கேனப்பி முகத்திலிருந்து சுவர் வரை தகட்டு டக்ட். செட்டின் அதிர்வு சுவருக்குப் போகாமல் இருக்க நடுவில் கேன்வாஸ் இணைப்பு. வெளியே காம்பவுண்டுச் சுவர் நெருக்கமாக இருந்ததால் காற்றை மேல்நோக்கித் திருப்பும் தகட்டு வாய் ஒன்று. பழைய லூவர் இரண்டையும் அடைத்துவிட்டோம். அவை சூடான காற்று வெளியேறும் பக்கத்துக்கு அருகில் இருந்தன, அந்தக் காற்றை மறுபடி உள்ளே இழுத்திருக்கும். நுழைவாயிலில் இப்போது 40 டிகிரி. கதவை ஒரு விரலால் திறக்கலாம்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த விசேஷத்தில் செட் நிற்கவில்லை, ஆனால் சுமை 80 சதவீதம் தாண்டியதும் கரும்புகை. 50 ஹெர்ட்ஸ் 48-க்கு இறங்கியது. இன்ஜெக்டர் என்றார்கள், பம்ப் என்றார்கள். பம்பைக் கழற்றி அனுப்பி அளவு சரிபார்த்து வாங்கியதில் ஒரு வாரமும் பணமும் போயின. பலன் இல்லை.

கோளாறு புகைக்குழாயில் இருந்தது. புகைபோக்கி உயரத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு விதி இது, இதில் h கட்டடத்தின் உயரம்:

```
H = h + 0.2 × √kVA
```

எங்கள் கட்டடம் 11 மீட்டர், 500 கேவிஏவுக்கு இன்னொரு 4.5 மீட்டர், ஆக 15.5. உயரம் சரியாகத்தான் இருந்தது. அந்த உயரத்துக்கு 6 அங்குலக் குழாயில், ஏழு குறுகிய எல்போ போட்டு வளைத்து வளைத்து ஏற்றியிருந்தார் ஒப்பந்தக்காரர். கேனப்பிக்குள்ளேயே நல்ல சைலன்சர் இருக்கும்போது, சத்தம் குறையட்டும் என்று வெளியே இன்னொன்றும் மாட்டியிருந்தார். 6 அங்குலக் குறுகிய எல்போ ஒன்று கிட்டத்தட்ட 5 மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான தடை. ஆகவே 22 மீட்டர் குழாய், புகையின் கணக்கில் 57 மீட்டர்.

அளந்து பார்க்கத் தீர்மானித்தோம். டர்போவுக்கு அடுத்து, பெல்லோஸ் என்ற நெளியும் இணைப்பைத் தாண்டிய நேர்ப்பகுதியில் கால் அங்குலத் துளை. அதிலிருந்து சூடு ஆற மூன்று மீட்டர் செம்புக்குழாய், அதன் முனையில் தண்ணீர் நிரப்பிய யூ வடிவ லெவல் டியூப். முதல் நாள் மண்டபச் சுமையை மட்டும் போட்டோம், 60 சதவீதம் வந்தது. தண்ணீர் வித்தியாசம் 640 மில்லிமீட்டர். எங்கள் இன்ஜினுக்கு எல்லை 10 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 1,020. “எல்லைக்குள்ளேதான் இருக்கிறது” என்று சர்வீஸ் ஆள் கையெழுத்துப் போடத் தயாரானார். நான் விடவில்லை. இந்தத் தடை புகையின் அளவுக்கு வர்க்க விகிதத்தில் ஏறும். குறைந்த சுமையில் எடுத்த அளவை வைத்து முழுச் சுமைக்கு முடிவு சொல்லக் கூடாது. செயற்கையாகச் சுமை கொடுக்கும் லோடு பேங்க் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து 100 சதவீதத்தில் ஓட்டியபோது 1,380 காட்டியது. இன்ஜெக்டரும் பம்பும் எந்தத் தவறும் செய்யவில்லை. புகை வெளியேற முடியாமல் இன்ஜின் திணறியிருக்கிறது.

குழாயின் தடை விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் மாறும். 6 அங்குலத்தை 8 ஆக்கினாலே அதே நீளத்துக்குத் தடை நான்கில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிடுகிறது. பாதையை மாற்றி ஏழு எல்போவை நான்கு நீள்வளைவுகளாக்கினோம். வெளிச் சைலன்சரைக் கழற்றிவிட்டு, புகை நேராகக் கடந்து போகும் உறிஞ்சு வகை ஒன்றை 8 அங்குல வாயோடு வைத்தோம். பின் தெருவில் சத்தம் கூடியதாக யாரும் சொல்லவில்லை. குழாயின் எடை டர்போ மேல் விழாமல் மேலிருந்து தாங்கி, அறைக்குள் இருக்கும் பகுதிக்கு ராக்வூல் சுற்றி, தாழ்வான இடத்தில் நீர் வடிய ஒரு வால்வும் வைத்தோம்.

மறுபடி லோடு பேங்க், மறுபடி முழுச் சுமை. மூன்று மணி நேரம் ஓடியது. தண்ணீர் வித்தியாசம் 480. புகை கண்ணுக்குத் தெரியவில்லை, கூலன்ட் 88 டிகிரியில் அசையாமல் நின்றது. அளவு எடுத்த துளையை அடைக்கவில்லை, பிளக் போட்டு வைத்திருக்கிறேன். 480, 40, 88 என்ற மூன்று எண்களையும் தேதியோடு அறைச் சுவரில் பெயின்டால் எழுதியாயிற்று. ஒவ்வொரு சர்வீஸுக்கும் வருகிறவர் முதலில் அந்த மூன்றையும் அளந்து சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் ஸ்பேனரை எடுக்கலாம்.