12 வாரக் காத்திருப்பு: ஒரு லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பரிசோதனையின் நாட்குறிப்பு

மார்ச் 4

எங்கள் ஆய்வகத்துக்கு ரத்தம் வந்த பெண்ணுக்கு வயது 29. தொடர்ச்சியாக மூன்று கருச்சிதைவுகள்: 7, 8, 9 வாரங்களில். கடைசியாகக் கலைந்தது பிப்ரவரி 23. கணவன், மனைவி இருவரின் குரோமோசோம்களிலும் குறை இல்லை. கருப்பை ஸ்கேன், தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரி. மிச்சமிருந்த சந்தேகம், செல் சவ்வின் கொழுப்பான பாஸ்போலிப்பிடைக் குறிவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்.

கலைந்து 9 நாளில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். போன வாரம் காய்ச்சலும் இருந்ததாம். உண்மையில் இது சோதிக்கத் தோதான நேரமில்லை. கர்ப்பம் முடிந்து குறைந்தது ஆறு வாரமாவது போகட்டும் என்று விட்டிருக்கலாம். வந்த ரத்தத்தைத் திருப்பி அனுப்பவில்லை. "காய்ச்சல், 9ஆம் நாள்" என்று படிவத்தின் மேலேயே எழுதிவைத்தாயிற்று. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், வார்ஃபரின் எதுவும் போடவில்லை என்பதையும் கேட்டுக் குறித்தாயிற்று. அதைக் கேட்காமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே கூடாது.

மார்ச் 5

இந்த எதிர்ப்பொருள்களில் நாங்கள் தேடுவது மூன்று வகை. கார்டியோலிப்பின் எதிர்ப்பொருளும் பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்ப்பொருளும் எலைசா என்ற ஆய்வக முறையில் நேரடியாக அளக்கக் கூடியவை. மூன்றாவதான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் அப்படியல்ல. அது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் அது இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பயன்படுத்துவது கண்ணாடி விரியன் விஷம். நீர்த்த விஷத்தையும் கொஞ்சமே கொஞ்சம் பாஸ்போலிப்பிடையும் பிளாஸ்மாவில் சேர்த்தால், விஷம் பத்தாவது உறைதல் காரணியை நேரே தூண்டிவிடும், பிளாஸ்மா உறையும். எதிர்ப்பொருள் அந்தக் கொஞ்சம் பாஸ்போலிப்பிடையும் பிடித்துக்கொண்டால் உறைவது தாமதமாகும்.

இன்றைய கணக்கு: இவருடைய பிளாஸ்மா உறைய 52 விநாடி, பலரின் பிளாஸ்மாவைக் கலந்து வைத்த இயல்பான பிளாஸ்மாவுக்கு 36. விகிதம் 1.44. தாமதம் உண்டு. ஆனால் உறைதல் காரணி ஏதாவது குறைந்திருந்தாலும் இப்படித்தான் வரும். அதனால் இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து பார்த்தது: 45 விநாடி. குறைபாடாக இருந்தால் இயல்பான பிளாஸ்மா அதை ஈடுகட்டி 36க்குப் பக்கத்தில் வந்திருக்கும். வரவில்லை, ஏதோ ஒன்று தடுக்கிறது. கடைசியாக, பாஸ்போலிப்பிடைத் தாராளமாகக் கொட்டி அதே சோதனை: 38க்கு 35, விகிதம் 1.09. பாஸ்போலிப்பிட் மிகுந்ததும் தாமதம் மறைந்துவிட்டது. 1.44ஐ 1.09ஆல் வகுத்தால் 1.32. எங்கள் எல்லை 1.2. பாசிட்டிவ்.

சிலிக்கா சேர்த்து உறையும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. என்ற இன்னொரு முறையில் மட்டும் நெகட்டிவ். கர்ப்பமும் காய்ச்சலும் எட்டாவது காரணியை ஏற்றிவிடும், ஏறினால் ஏ.பி.டி.டி. சுருங்கி, இருக்கும் தடையையும் மறைத்துவிடும். எனவே இந்த நெகட்டிவை நம்புவதற்கில்லை.

கார்டியோலிப்பின் எதிர்ப்பொருளில் ஐ.ஜி.எம். வகை 32 யூனிட், ஐ.ஜி.ஜி. வகை 9. பீட்டா-2 இரண்டும் இயல்பு.

மார்ச் 7

அறிக்கையில் எழுதியது: "லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இந்த மாதிரியில் உள்ளது. 12 வாரம் கழித்துத் திரும்பச் செய்யாமல் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் என்று முடிவு செய்ய வேண்டாம்."

"ஒரு தடவை பாசிட்டிவ் வந்தால் போதாதா?" என்று அந்தப் பெண் கேட்டாராம். நியாயமான கேள்வி. வைரஸ் காய்ச்சலோ வேறு தொற்றோ வந்தால் உடம்பு இதே போன்ற எதிர்ப்பொருள்களைச் சில வாரங்களுக்குத் தயாரிக்கும், பிறகு விட்டுவிடும். குளோர்புரோமசின் போன்ற சில மருந்துகளாலும் வரும். அப்படி வந்துபோவதற்கும் கரு கலைவதற்கும் தொடர்பு காட்ட முடியாது. அதை நம்பி மருந்து தொடங்கினால், அடுத்த கர்ப்பம் முழுக்க வேண்டாத ஊசி.

இந்த நோயை வகைப்படுத்தும் 1999 விதிகளில் இரு சோதனைகளுக்கு இடைவெளி 6 வாரம்தான். 2006இல் சிட்னி விதிகள் அதை 12 ஆக்கின. விதிகளை எழுதிய குழு சொன்ன காரணம் இல்லை இது, எங்கள் மனக்கணக்கு மட்டுமே: ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. பாதியாகக் குறைய ஏறக்குறைய 21 நாள். உற்பத்தி நின்றுபோயிருந்தால் 6 வாரத்தில் கால்பங்கு இன்னும் மிச்சம். 12 வாரத்தில் பதினாறில் ஒரு பங்குதான். அப்போதும் பாசிட்டிவ் என்றால் உடம்பு இன்னும் தயாரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மார்ச் 20

"எனக்கு லூபஸா?" என்று அடுத்த கேள்வி. இல்லை. இந்தத் தடை முதலில் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களிடம் தென்பட்டதால் ஒட்டிக்கொண்ட பெயர். உறைவதைத் தடுப்பது என்று பொருள்படும் "ஆன்டிகோயாகுலன்ட்" என்பதும் தவறாகவே வழிகாட்டும்: குழாய்க்குள் உறைவதைத் தாமதப்படுத்துகிறது, உடம்புக்குள் உறைகட்டியை உண்டாக்குகிறது. நஞ்சுக்கொடியில் உறைகட்டி மட்டுமே பிரச்சினை என்றும் சொல்லிவிட முடியாது. அதை உருவாக்கும் செல்களையே இந்த எதிர்ப்பொருள் தாக்குகிறது.

மறுசோதனை முடியும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார்கள். இடையில் கருத்தரித்தால் எட்டாவது காரணி மீண்டும் ஏறும், ஹெப்பாரினும் தொடங்கிவிடுவார்கள், முடிவு குழம்பும்.

மே 28

85ஆம் நாள். மாதிரி வெளியிலிருந்து, கடுங்குளிரில் உறைய வைத்து வந்தது. 41க்கு 36, விகிதம் 1.14. நெகட்டிவ்.

அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நெருடல். 1.44 இப்படி இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம். உறைய வைக்காத சிறு பகுதியும் கூடவே வந்திருந்தது. அதில் ரத்தத் தட்டணு எண்ணினால் மைக்ரோலிட்டருக்கு 34,000. இருக்க வேண்டியது 10,000க்குக் கீழே. பிளாஸ்மாவைப் பிரிக்க இயந்திரத்தில் ஒரே ஒரு முறை சுற்றி, அப்படியே உறைய வைத்துவிட்டார்கள்.

தட்டணுவின் சவ்வே பாஸ்போலிப்பிட்தான். உறைந்து உருகும்போது அது உடைந்து பிளாஸ்மாவில் கலந்துவிடும். மூன்றாம் படியில் நாம் கொட்டும் தாராளம் முதல் படியிலேயே கொட்டப்பட்டுவிட்டது. எதிர்ப்பொருள் இருந்தாலும் தெரியாது. அறிக்கையை நிறுத்திவிட்டுப் புது மாதிரி கேட்டாயிற்று.

மே 31

ரத்தம் இங்கேயே எடுத்தது. குழாயில் 3.2 சதவீத சிட்ரேட், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம், குறி வரை நிரப்பியது. ஒரு முறை சுற்றி, மேலே உள்ள பிளாஸ்மாவை வேறு குழாய்க்கு மாற்றி, மறுபடி சுற்றியது. இரண்டாம் முறை அடியில் அரை சென்டிமீட்டர் விட்டுவிட்டுத்தான் உறிஞ்ச வேண்டும். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டால் தட்டணுவும் சேர்ந்து வரும். எண்ணிக்கை 3,000. நான்கு மணி நேரத்துக்குள் சோதனை.

முதல் படி 55க்கு 36, 1.53. கலவை 46 விநாடி. உறுதிப்படுத்தல் 1.09. வகுத்தால் 1.40. இந்த முறை சிலிக்கா முறையும் பாசிட்டிவ். கார்டியோலிப்பின் ஐ.ஜி.எம். 6.

ஐ.ஜி.எம். காய்ச்சலோடு வந்து போயிருக்கிறது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் போகவில்லை.

ஜூன் 3

சிட்னி விதிப்படி பொருந்துகிறது: 10 வாரத்துக்கு முன் தொடர்ச்சியாக மூன்று இழப்பு, 12 வாரம் தாண்டியும் நீடிக்கும் எதிர்ப்பொருள். 2023இல் வந்த புதிய வகைப்பாடு கெடுபிடியானது. அதில் இத்தகைய ஆரம்பகால இழப்புகளுக்கு மட்டும் 1 புள்ளிதான், அறிகுறிப் பிரிவில் தேவை 3. ஆனால் அது ஆய்வுகளுக்கு ஆள் தேர்வு செய்ய எழுதப்பட்டது. சிகிச்சையை மறுக்க அதைக் காட்டக் கூடாது. அதிலேயே, பரிசோதனைப் பிரிவில், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் ஒரே தடவை என்றால் 1 புள்ளி, நீடித்தால் 5.

மகப்பேறு மருத்துவர் தீர்மானித்தது: குறைந்த அளவு ஆஸ்பிரின், கர்ப்பம் உறுதியானதும் தினமும் தடுப்பு அளவில் ஹெப்பாரின் ஊசி. பிரசவத்துக்குப் பின்னும் சில வாரம் ஊசி தொடரும். உறைகட்டி ஆபத்து அப்போதுதான் அதிகம்.

கோப்பின் முகப்பில் சிவப்பு மையில்: "ஹெப்பாரின் போடும்போது இந்தச் சோதனை வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் கடைசி ஊசிக்கு 12 மணி நேரம் கழித்து, இருமுறை சுற்றிய பிளாஸ்மாவில் மட்டும்."