எட்டுப் பேர் கூட்டத்தில் ஒன்பது ஓட்டு

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். கணக்கு எழுதுவது, பங்குப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது, கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. இயக்குநர் குழு கூடும்போது மினிட்ஸ் எழுதுவதும் நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மினிட்ஸ் என்றால் 'என்ன முடிவானதோ அதை எழுதினால் போதும்' என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் நான் எழுதிய ஒரு பக்கம் மூன்று மாதம் எங்களைத் தூங்க விடவில்லை.

மாம்பழ சீசனுக்கு முன்னால் நடந்த கூட்டம் அது. எங்கள் பக்கம் கூழ் ஆலைக்குப் போகிற மாங்காய் பெரும்பாலும் பெங்களூரா ரகம்தான். சீசன் உச்சத்தில் விலை சரிந்தால் மண்டியில் பறிகூலிகூடத் தேறாது. அதனால் முன்கூட்டியே ஒரு கூழ் ஆலையோடு விலை பேசி ஒப்பந்தம் போடலாமா என்பதுதான் அன்றைய பேச்சு. மொத்தம் ஒன்பது இயக்குநர்கள். ஒருவர் பாலக்கோட்டில் கல்யாணம் என்று வரவில்லை. தலைவரையும் சேர்த்து எட்டுப் பேர் இருந்தார்கள்.

முதலில் ஒரு இயக்குநர், உறுப்பினர்களின் பெங்களூரா முழுவதையும் அந்த ஆலைக்கே தர வேண்டும் என்று முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். கை தூக்கச் சொன்னதும் ஆதரவாக மூன்று, எதிராக ஐந்து. தீர்மானம் தோற்றது. அப்புறம் இன்னொருவர், பாதியை அதே ஆலைக்குப் பேசிய விலைக்குத் தருவது, மீதியை அவரவர் விருப்பப்படி மண்டியில் விற்றுக்கொள்வது என்று இரண்டாவது தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு நான்கு, எதிர்ப்பு நான்கு. தலைவர் ஆதரவுப் பக்கம் கை தூக்கியிருந்தார். சமமாக நின்றதும், அப்படி நின்றால் முடிவுக்குக் கொண்டுவரத் தலைவருக்கு உள்ள கூடுதல் ஓட்டை எடுத்து, "என் காஸ்டிங் ஓட்டையும் இதுக்கே போடறேன்" என்றார். தீர்மானம் நிறைவேறியது. டீ வந்தது, கலைந்தோம்.

மினிட்ஸில் நான் எழுதியது இரண்டே வரி. "பெங்களூரா மாங்காயை ஒரே ஆலைக்குக் கொடுப்பதில்லை என முடிவு செய்யப்பட்டது. விளைச்சலில் பாதியை ஆலைக்குக் கொடுக்க 5–4 என்ற வாக்குக் கணக்கில் தீர்மானிக்கப்பட்டது." தலைவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சீசன் முடிந்து கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர் அந்த ஒப்பந்தத்தை எடுத்தார், அதற்கு அனுமதி கொடுத்த தீர்மானத்தைக் கேட்டார். பக்கத்தைப் படித்தவர் மேலே வருகைப் பட்டியலை விரலால் எண்ணினார். "எட்டுப் பேர் கையெழுத்து இருக்கு. அஞ்சும் நாலும் ஒம்போது. ஒம்போதாவது ஓட்டு யாரோடதும்மா?" என்றார். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை. வராதவருடைய ஓட்டையும் சேர்த்து எண்ணிவிட்டோம் என்று ஒருவர் சொன்னால், மறுக்க அதில் ஒரு சொல்கூட இல்லை.

அதே வாரம், எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரு இயக்குநர் வந்தார். மீதிப் பாதி மண்டியில் நல்ல விலைக்குப் போயிருந்தது, ஆலைக்குக் கொடுத்த உறுப்பினர்கள் அவரைப் பிடித்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் முதல் வரியைக் காட்டி, "ஒரே ஆலைக்குத் தர்றதில்லன்னு போர்டே முடிவு பண்ணியிருக்கு. பாதியும் அதே ஒரே ஆலைக்குத்தானே போச்சு? அப்போ ஒப்பந்தமே செல்லாது" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் எழுதிய வரி அப்படித்தான் சொன்னது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே பிழையைப் பல சங்கங்களின் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு தீர்மானம் தோற்றது என்றால், அது கேட்ட அனுமதி கிடைக்கவில்லை. அவ்வளவுதான். அதற்கு நேர் எதிரான ஒன்று முடிவாகிவிட்டதாக ஆகாது. அன்று குழு வாக்கெடுத்தது 'முழுவதையும் தரலாமா' என்ற கேள்விக்கு. அதற்குக் கிடைத்த ஆதரவு மூன்று. 'ஒரே ஆலைக்குத் தரக்கூடாது' என்று யாரும் முன்மொழியவும் இல்லை, யாரும் அதற்குக் கை தூக்கவும் இல்லை. யாரும் கேட்காத கேள்விக்கு நான் ஒரு முடிவை எழுதி வைத்திருந்தேன். தோற்றதை எழுதாமலே விட்டிருந்தாலும் சிக்கல்தான். முழு ஒப்பந்தம் பேசப்படவே இல்லை என்று ஒருவர் அடுத்த மாதம் அதையே திரும்பக் கொண்டுவருவார். அதனால் முன்மொழிந்த வாசகத்தை மாற்றாமல் எழுதி, எண்ணிக்கையைப் போட்டு, "தீர்மானம் நிறைவேறவில்லை" என்று முடிக்க வேண்டும். 'நிராகரித்து முடிவு செய்யப்பட்டது', 'கைவிடப்பட்டது', 'ஒத்திவைக்கப்பட்டது' என்று கை போன போக்கில் எழுதக் கூடாது. ஒத்திவைப்பது என்றால் அந்த விஷயம் இன்னும் மேசையில் இருக்கிறது. தோற்றது அங்கேயே முடிந்தது.

சம ஓட்டில்தான் குழப்பம் அதிகம். ஒரு தீர்மானம் நிறைவேற ஆதரவு எதிர்ப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நாலுக்கு நாலு என்றால் கூடுதல் இல்லை, ஆகவே வேறொன்றும் நடக்காவிட்டால் அது தோற்றதாகத்தான் கணக்கு. தலைவர் காஸ்டிங் ஓட்டை எதிர்ப்புப் பக்கம் போட்டாலும் அதே முடிவுதான். ஆதரவாகப் போடும்போது மட்டும்தான் அந்த ஒரு ஓட்டு முடிவைத் திருப்புகிறது. அப்போதுதான் 'இந்த அதிகாரம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது' என்ற கேள்வியும் எழும்.

பதில் விதியில் இருக்க வேண்டும். சட்டமன்றத்தில் சபாநாயகருக்கு முதல் ஓட்டு கிடையாது. சம ஓட்டு வந்தால் மட்டும் அவர் போடுவார், போட்டே ஆக வேண்டும். அரசியலமைப்பின் 189ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் நிலைமை வேறு. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தோடு வரும் மாதிரி விதிகளில், சமமாக நின்றால் குழுத் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு. அதாவது அவர் இயக்குநராக ஒரு ஓட்டும், தலைவராக இன்னொன்றும் போடலாம். எங்கள் விதிகளிலும் அப்படியே இருக்கிறது. ஆடிட்டர் கேட்ட ஒன்பதாவது ஓட்டு அதுதான். டி.வி.யில் சட்டமன்றத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரே ஆள் இரண்டு முறை ஓட்டுப் போட்டது திருட்டு மாதிரித் தெரியும். அதனால்தான் இரண்டு ஓட்டையும் பக்கத்தில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். உறுப்பினர்களின் பொதுக்கூட்டத்துக்கு இன்னொரு விவரம் உண்டு. உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான சட்டப் பகுதியில், தலைவர் தேர்தலுக்கு மட்டும் காஸ்டிங் ஓட்டு கிடையாது. அதனால் எந்தக் கூட்டம், எந்த விதி என்று பார்த்த பிறகுதான் பேனா எடுக்கிறேன்.

எங்களைக் காப்பாற்றியது என் ரஃப் நோட்டு. கூட்டத்தில் கை எண்ணும்போதே பெயர்களின் முதலெழுத்தை இரண்டு வரிசையாகக் குறித்திருந்தேன். அது இல்லையென்றால் தொலைந்தது. ஏனென்றால் மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, ஆதரித்த ஒருவர் "நான் கையே தூக்கல, சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்று உறுதியாகச் சொன்னார். நோட்டைக் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

கையெழுத்தான பக்கத்தைத் திருத்தக் கூடாது. வெள்ளை மை, அடித்தல், ஒட்டுத்தாள் எதுவும் ஆகாது. அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் தனிப் பொருளாக வைத்து, அந்தப் பக்கத்தின் பதிவைத் தெளிவுபடுத்தி ஒரு தீர்மானம் போட்டோம். பழைய வரி அப்படியே இருக்கிறது. ஓரத்தில் புதிய பக்கத்தின் எண்ணும் தலைவரின் சுருக்கொப்பமும் மட்டும். புதிய வாசகத்தை எழுத எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. இரண்டாவது தீர்மானத்தின் பகுதி இப்படி வந்தது:

"வருகை எட்டுப் பேர், அனைவரும் வாக்களித்தனர். ஆதரவு 4 (தலைவரின் இயக்குநர் வாக்கு உட்பட), எதிர்ப்பு 4, நடுநிலை இல்லை. வாக்குகள் சமம் எனத் தலைவர் அறிவித்தார். குழுக் கூட்டங்கள் பற்றிய நிறுவன விதியின்படி தமக்குள்ள காஸ்டிங் ஓட்டைத் தீர்மானத்துக்கு ஆதரவாக அளித்தார். தீர்மானம் நிறைவேறியதாகத் தலைவர் அறிவித்தார்." கீழே விதியின் எண். அதற்கும் கீழே எதிர்த்த நால்வரின் பெயர்கள்.

பெயர்களைப் போட வேண்டுமா என்று தலைவர் தயங்கினார், ஊரில் பகை வரும் என்று. நிறைவேறிய தீர்மானத்தில் ஒப்புக்கொள்ளாத இயக்குநர்களின் பெயரை மினிட்ஸில் காட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதைவிட, நாளைக்கு அந்த ஒப்பந்தத்தில் நஷ்டம் வந்தால் 'நான் எதிர்த்தேன்' என்று சொல்ல அந்த நால்வருக்கும் அந்த வரிதான் ஆதாரம். நான் அப்படிச் சொன்னதும் எதிர்த்தவர்களில் மூத்தவர், "எம் பேரைப் போடும்மா, நல்லாப் போடு" என்றார்.

தலைவர் ஏன் அந்தப் பக்கம் போட்டார் என்று காரணமும் எழுதலாமா என்று கேட்டார்கள். அவரே வாயால் சொல்லி, பதியச் சொன்னால் ஒரு வரி எழுதலாம். நானாக ஊகித்து எழுத மாட்டேன். மினிட்ஸை முப்பது நாளுக்குள் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், பக்கம்தோறும் சுருக்கொப்பம், கடைசிப் பக்கத்தில் தேதியோடு கையெழுத்து என்பதெல்லாம் நாங்கள் முன்பிருந்தே சரியாகச் செய்தோம். ஆனால் உள்ளே இருந்த வரி தப்பாக இருந்ததால் அவை உதவவில்லை.

இப்போது கூட்டத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கை எண்ணியதும் எண்ணிக்கையைச் சத்தமாகப் படிப்பேன். தலைவர் முடிவை வாயால் அறிவிக்கும் வரை அடுத்த பொருளுக்குப் போக விடமாட்டேன். ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். போன மாதம் தராசு வாங்கும் விஷயத்தில் மறுபடி நாலுக்கு நாலு வந்தது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். "சமம்னு எழுதிட்டியா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். "என் முதல் ஓட்டு எந்தப் பக்கம்னு இருக்கா?" இருக்கிறது என்றேன். "சரி, இந்தத் தடவை காஸ்டிங் ஓட்டு போடல. போடலன்னே எழுது. தராசு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். தலைவர் காஸ்டிங் ஓட்டைப் பயன்படுத்தவில்லை, வாக்குகள் சமமாக நின்றதால் தீர்மானம் நிறைவேறவில்லை என்று எழுதிப் படித்துக் காட்டினேன். 'அடுத்த வருஷம்' என்பதை எழுதவில்லை. அதற்கு யாரும் ஓட்டுப் போடவில்லை.