நாடாவை எடுத்தேன், நிழலை விட்டேன்: ரீடச்சிங் செய்முறைத் தேர்வு, இரண்டாம் முறை

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. பாஸ். போன முறை என்னைக் கவிழ்த்த அதே கேள்விதான் இந்த முறையும் வந்தது. போட்டோஷாப்பில், படத்தில் இருப்பவரின் சட்டைமேல் தொங்கும் ஐடி கார்டையும் கழுத்து நாடாவையும் எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் துணியைத் திரும்ப உருவாக்க வேண்டும்.

போன முறை இளநீலக் கோடு போட்ட சட்டை. 200% பெரிதாக்கி வைத்துக்கொண்டு, 40 நிமிடம் குளோன் ஸ்டாம்ப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கோடும் நூல் பிடித்த மாதிரி சேர்ந்தது. திருத்த வந்தவர் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினார். "நாடா எங்கே கிடந்ததுன்னு இன்னும் தெரியுதே" என்றார். கழுத்திலிருந்து வயிறுவரை மங்கலாக ஒரு V. பொருளை எடுத்திருந்தேன், அது போட்ட நிழலை எடுக்கவில்லை. அது மட்டுமா, கார்டின் எடை நாடாவை இழுக்க, நாடா துணியை அழுத்த, இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் சுருக்கங்கள். நாடா போன பிறகும் அவை இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டு நின்றன.

ஆகவே இந்த முறை முதல் ஐந்து நிமிடம் எதையும் அழிக்கவில்லை. தனி லேயரில் சிவப்பு பிரஷ்ஷால் மூன்றையும் தனித்தனியாகக் குறித்தேன்: பொருள், அதன் நிழல், அதனால் வந்த சுருக்கம். வெளிச்சம் இடது மேலிருந்து வந்தது. அதனால் நாடாவின் நிழல் வலது ஓரத்தில் ஒட்டி, கூர்மையாக இருந்தது. கார்டு உடம்பைவிட்டு விலகித் தொங்குவதால் அதன் நிழல் வலது கீழே தள்ளி, மெத்தென்று விழுந்திருந்தது. அவசரக்காரர்கள் பார்க்காமல் விடுவது இந்த இரண்டாவது நிழலைத்தான்.

நான் சொல்ல வந்ததே இதுதான். நிழல் விழுந்த இடத்தில் இருப்பது நிஜத் துணி. அதைக் குளோன் செய்து கெடுக்காதீர்கள். Curves லேயர் போட்டு, மாஸ்க்கில் நிழலின் வடிவத்தை மட்டும் வரைந்து, பக்கத்துத் துணியின் அளவுக்கு வெளிச்சத்தை ஏற்றினால் போதும். நிறம் கொஞ்சம் விலகினால் அதே லேயரில் நீலச் சேனலைத் தொட்டுச் சரிசெய்யலாம். குளோன், பொருள் மறைத்த இடத்துக்கு மட்டும்.

மறைத்த இடத்துக்கு நான் செய்தவை:

- காலி லேயர், Sample: Current & Below, Aligned டிக். மாதிரி எடுக்கும் இடம் அதே கோட்டில், மேலேயோ கீழேயோ. பக்கத்துக் கோட்டிலிருந்து எடுத்தால் அகலம் ஒத்துவராது.
- முழு மென்மையான பிரஷ் வேண்டாம், கோட்டின் ஓரம் குழைந்துவிடும். 60% கடினம் எனக்குச் சரியாக வந்தது.
- கார்டு மறைத்த பெரிய பகுதிக்குக் குளோனே வேண்டாம். கீழே உள்ள சட்டைத் துண்டை நகலெடுத்து, Warp போட்டு, மேல் ஓரத்தில் கோட்டுக்குக் கோடு பொருத்தி, மாஸ்க்கில் கரைத்தேன்.

துண்டு வைத்த இடம் இஸ்திரி போட்ட அட்டை மாதிரி தட்டையாகத் தெரியும். பயப்பட வேண்டாம். 50% சாம்பல் நிரப்பிய Soft Light லேயரில் மடிப்பைக் கருப்பு வெள்ளையால் வரைய வேண்டும். நாடாவின் இடப்பக்கம் வந்து நின்ற பெரிய மடிப்பை வலப்பக்கம்வரை நீட்டி, மெல்ல மெலிய வைத்தேன். நாடா அழுத்தி வந்த குட்டிச் சுருக்கங்களை அதே லேயரில் தட்டையாக்கினேன்.

அப்புறம் பட்டன். கார்டுக்கு அடியில் ஒன்று காணவில்லை. தெரிகிற இரண்டு பட்டன்களின் இடைவெளியை அளந்து அதே தூரத்தில் நகலை வைத்தேன், ஆனால் துளைகளைக் கொஞ்சம் திருப்பி. வெளிச்சப் புள்ளி மட்டும் திரும்பக் கூடாது, அதைத் தனியாக வரைந்தேன்.

காலருக்கு அடியில் நாடா நுழையும் இடத்தில் காலரின் சொந்த நிழல் இருக்கும். அதை விட்டுவையுங்கள், அழித்தால் காலர் ஒட்டவைத்தது போலாகும்.

ஏப்ரன் படமும் ஒன்று இருந்தது. அதில் முக்கால் சட்டை மறைந்திருக்கும், மாதிரி எடுக்க மிஞ்சுவது கைதான். கையின் கோடுகளோ வேறு திசையில் ஓடும். துண்டைத் திருப்பி வைத்தாலும் நெசவின் அளவு பொருந்தவில்லை. நான் அதில் பாதி மதிப்பெண்தான் வாங்கியிருப்பேன். உங்களுக்கும் வந்தால் கடைசியில் தொடுங்கள்.

சரிபார்க்க: படத்தைச் சுருக்கிப் பாருங்கள், Flip Horizontal போட்டுப் பாருங்கள், மேலே ஒரு கருப்பு வெள்ளை லேயர் வைத்துப் பாருங்கள். V இருந்தால் அங்கே தெரிந்துவிடும். இந்த முறை 12 நிமிடம் மீதி வைத்திருந்தேன், அந்த 12 நிமிடமும் படம் கட்டைவிரல் அளவில்தான் இருந்தது.