பாலாறு பேட்டியில் ஒரே ஒரு பதிலைச் சுருக்கிய அனுபவம்

இந்த வேலை என் கைக்கு வந்தபோதே பாதி முடிந்திருந்தது. வேலூரில் ஒரு சின்ன யூடியூப் சேனல் பாலாறு பற்றி ஒரு தொடர் செய்கிறது. வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் பேட்டி, மொத்தம் 47 நிமிடம். அதை ஆறு நிமிடத்துக்குள் கொண்டுவர வேண்டும். முதலில் எடிட் செய்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால் ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் கொடுத்து, "முடிஞ்ச மாதிரிதான், கலர் பார்த்து மியூசிக் போட்டா போதும்" என்றார்கள்.

யாருடைய பேட்டியாக இருந்தாலும் முழுசாகக் கேட்காமல் நான் டைம்லைனைத் தொடுவதில்லை. நல்லவேளை. டேனரிக் கழிவுநீர் பற்றி எடிட்டில் பெரியவர் இப்படிப் பேசுகிறார்: "விட்டோம் தம்பி, இல்லன்னு சொல்ல முடியாது. இப்பவும் மழ பெஞ்சா ராத்திரில தொறந்து விடறாங்க." அடுத்த நொடி நுரை ததும்பும் கால்வாய் ஷாட். கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஒரிஜினலில் அவர் சொன்னது இது:

"விட்டோம் தம்பி, இல்லன்னு சொல்ல முடியாது. அப்பல்லாம் எல்லா டேனரியும் கால்வாய்லதான் விட்டுகினு இருந்தாங்க, அது ஏரிக்கும் போவும் ஆத்துக்கும் போவும். கோர்ட்டு தீர்ப்பு வந்து, பிளாண்ட்டு வந்தப்புறம் எங்க டேனரி அதுல சேந்துச்சு. நான் இருந்த வரைக்கும் அதுலதான் போச்சு. இப்பவும் மழ பெஞ்சா ராத்திரில தொறந்து விடறாங்கன்னு ஊர்ல சொல்றாங்க, நான் கண்ணால பாக்கல. ஆனா ஒண்ணு தம்பி, டேனரிய மூடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதுலதான் மூணு புள்ளைங்கள வளத்தேன். தண்ணிய சுத்தம் பண்ணு, வேலயும் குடு."

பிளாண்ட்டு என்று அவர் சொல்வது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை. நடுநடுவே ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலத்துப் பேச்சு, டிரம் சத்தம், இருமல் எல்லாம் சேர்த்து இந்தப் பதில் ஏறக்குறைய இரண்டு நிமிடம். வெட்டியவர் வேண்டுமென்றே செய்தாரா, அவசரத்தில் செய்தாரா தெரியாது. ஆனால் ஊர்ப்பேச்சைச் சொன்ன மனிதரை, நேரில் பார்த்த சாட்சியாக அந்த எடிட் மாற்றிவிட்டது. அவர் இன்னமும் அதே ஊரில்தான் இருக்கிறார். தெருவில் பாதி வீடு டேனரிச் சம்பளத்தில் ஓடுகிறது.

தமிழ்ப் பேட்டி எடிட் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் பேச்சில் செய்தி முதலில் வந்துவிடும். அது யார் சொன்னது, உண்மையா, நடந்ததா நடக்கவில்லையா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் வரும். "விடறாங்க" வரைக்கும் வைத்துவிட்டு "ன்னு சொல்றாங்க"வை வெட்டினால் முழு வாக்கியம் மாதிரியே நிற்கும், வெட்டின தடயமும் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி, குரலின் இறக்கத்தைக் கேட்பது. வாக்கியத்தை முடிக்கிறவர் கடைசி அசையில் குரலைத் தாழ்த்துவார். இங்கே "ங்க"வில் குரல் இறங்கவே இல்லை, தூக்கலாக நின்று பட்டென்று அறுந்தது. உங்களுக்கு வந்த எடிட்டில் ஒரு வாக்கியம் இப்படித் தொங்கினால், சோர்ஸ் கிளிப்பைத் திறந்து பின்னால் இரண்டு நொடி கேளுங்கள்.

இதைச் சொன்னபோது சேனல் பொறுப்பாளர் கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. "அவர் வாயால சொன்ன வார்த்தைதானே? நாம ஒண்ணும் சேக்கலையே?" பிபிசியை எடுத்துக் காட்டினேன். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் பேசிய பேச்சில், 50 நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் சொன்ன இரண்டு பகுதிகளை ஒரே மூச்சில் சொன்னது போல ஒட்டிவிட்டார்கள். ஒவ்வொரு வார்த்தையும் அவருடையதுதான். 2025 நவம்பரில் அது வெடித்து, பிபிசியின் தலைமை இயக்குநரும் செய்திப் பிரிவுத் தலைவரும் பதவி விலகினார்கள். அதற்குப் பிறகுதான் "சரி, மறுபடி பண்ணுங்க, ஆனா ஆறு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது" என்றார்.

பழைய டைம்லைனை ஓரமாக வைத்துவிட்டு முழுப் பேட்டியையும் நேரக் குறிப்போடு எழுத்தில் இறக்கினேன். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் எங்கே எதை எடுத்தோம் என்று பிறகு யாருக்கும் காட்ட முடியாது. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில், வெட்டுவதற்கு முன்பே, அவர் என்ன சொல்கிறார் என்று ஓரிரு வரி எழுதி வைப்பேன். இந்தப் பதிலுக்கு எழுதியது: "அந்தக் காலத்தில் நாங்களும் விட்டோம். பிறகு எங்கள் டேனரி நிறுத்தியது. இப்போது விடுவதாகக் கேள்வி, பார்த்ததில்லை. மூட வேண்டாம், சுத்தம் செய்யுங்கள்." நான்கு கால். இதில் ஒன்று போனாலும் பதில் ஒரு பக்கமாகச் சாயும். முதல் கால் போனால் டேனரிக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறவர் ஆகிவிடுவார், கடைசிக் கால் போனால் மூடச் சொல்கிறவர் ஆகிவிடுவார்.

இந்த வரிகளை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெட்டி முடித்த பிறகு எழுத உட்கார்ந்தால், வெட்டினதைத்தான் அவர் சொன்னதாக நம் மனசே நம்ப ஆரம்பித்துவிடும்.

இந்தப் பதிலில் ஆவாரம்பட்டைப் பேச்சு, இருமல், மூன்று பிள்ளைகள் வரி, "ஆத்துக்கும் போவும்" ஆகியவற்றை எடுத்தேன். "கோர்ட்டு தீர்ப்பு" என்பதையும் எடுத்து, திரையில் "1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு" என்று போட்டேன். "அப்பல்லாம்" என்ற ஒரு சொல்லை மட்டும் எத்தனை நெருக்கடியிலும் தொடவில்லை. காலம் காட்டுகிற சொல் போனால் பழைய குற்றம் இன்றைய குற்றமாகிவிடும். அவர் பெயருக்குக் கீழே வெறும் "டேனரி தொழிலாளி" என்று இருந்ததை "ஓய்வு பெற்ற டேனரி தொழிலாளி" என்று மாற்றியதும் அதற்காகத்தான்.

இதற்குப் பிறகுதான் சோதனை. "நான் கண்ணால பாக்கல" என்ற இடத்தில் ஒரு பஸ் ஹாரன். ரோட்டோரத் திண்ணையில் உட்கார வைத்து எடுத்திருக்கிறார்கள், ஒரே ஒரு காலர் மைக், மாற்றுப் பதிவு இல்லை. ஹெட்போனில் கேட்டால் புரிகிறது, போன் ஸ்பீக்கரில் ஹாரன்தான் கேட்கிறது. ஹாரனும் மனிதக் குரலும் ஒரே அலைவரிசைப் பகுதியில் கிடப்பதால் ஃபில்டர் போட்டால் இரண்டும் சேர்ந்தே போகின்றன. பொறுப்பாளர் சொன்ன வழி, அந்த ஊர்ப்பேச்சு வாக்கியத்தையே மொத்தமாகத் தூக்கிவிடலாம் என்பது. கேட்க நியாயமாகத் தெரியும். போட்டுப் பார்த்தேன். "பிளாண்ட்டு வந்தப்புறம் அதுலதான் போச்சு" என்று முடிகிறது. அதாவது, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று பெரியவரே சான்றிதழ் கொடுத்த மாதிரி. அதுவும் அவர் சொன்னதில்லை.

அந்த ஒரு வரியைத் திரும்பப் பதிவு செய்யலாம் என்று பஸ் ஏறிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. மகளைப் பார்க்க ஆம்பூர் போயிருக்கிறார், வர நாளாகும் என்றார்கள் பக்கத்து வீட்டில். சேனலில் கொடுத்த நம்பர் பழைய நம்பர், முதலிலேயே அடித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. அலைச்சல் வீண். ஆனால் பக்கத்து வீட்டம்மா புது நம்பர் கொடுத்தார். போனில் எழுத்துப் பிரதியை அப்படியே படித்துக் காட்டினேன். "ஐயா, இது நீங்க சொன்னதுதானா?" என்று கேட்டேன். "சொன்னதுதான்பா. பாக்கலன்றத மட்டும் வுட்டுடாத. நாளைக்கு நான் இந்த ஊர்லதான் நடக்கணும்" என்றார்.

திரும்பப் பதிவு செய்கிற யோசனையை அங்கேயே விட்டேன். யோசித்துப் பார்த்தால் பயணம் கைகூடாததே நல்லது. இன்று வேறு தொனியில் சொல்கிற வரியை அன்றைய பேச்சுக்குள் சொருகினால் அதுவும் ஒட்டுதான். ஹாரனோடு அந்த வரியை அப்படியே வைத்து, அவர் சொன்ன சொற்களைத் திரையில் எழுத்தாகப் போட்டேன், அவர் முகத்தின் மேலேயே. அந்த இடத்தில் ஆறு, கால்வாய் என்று எந்த ஷாட்டையும் போட்டு அவர் முகத்தை மூடவில்லை. வாயசைவும் எழுத்தும் ஒத்துப்போவதைப் பார்க்கிறவர் தானே பார்க்கட்டும்.

மற்ற வெட்டுகளைப் பற்றியும் ஒன்று. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்துச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள் என்று கேமராக்காரர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. இந்த முறையும் இல்லை. பெரியவர் யோசித்துக்கொண்டு மௌனமாக இருந்த நேரங்களைப் பொறுக்கி அதைச் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு துண்டுகளுக்கு நடுவில் அரை நொடி அந்தச் சத்தத்தை விட்டேன். இடைவெளியே இல்லாமல் ஒட்டினால், முதல் வாக்கியத்துக்கு இரண்டாவது காரணம் போலக் காதில் விழும். படத்திலும் ஜம்ப் தெரிகிறபடி விட்டேன். கையையோ சுவரையோ காட்டி மூடினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே பேச்சு வெட்டப்பட்டது பார்க்கிறவருக்குத் தெரியாமல் போகும்.

இப்படி இந்தப் பதில் முக்கால் நிமிடத்துக்கு வந்தது. பழைய எடிட்டில் அது பதினைந்து நொடிதான். மிச்சத்துக்கு எங்கே போவது? எல்லாப் பதிலிலும் கொஞ்சம் கொஞ்சம் சுரண்டினால் ஒவ்வொன்றும் வாலறுந்து நிற்கும். அதனால் கூலி, போனஸ் பற்றிய கேள்வியை விடையோடு முழுசாக எடுத்துவிட்டேன். நல்ல பகுதி, மனசு வரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தையே பேசாமல் விடுவது, பேசினதைத் திரித்துப் போடுவதை விட மேல். அந்தக் கூலிப் பகுதி தனி வீடியோவாக வரும் என்று சேனலில் ஒத்துக்கொண்டார்கள்.

முடித்ததும், முழுப் பேட்டியைக் கேட்காத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, "பெரியவர் என்னம்மா சொல்றார்?" என்று கேட்பது என் வழக்கம். சேனலில் கணக்குப் பார்க்கிற பெண் உட்கார்ந்து பார்த்தார். "அப்போ இவங்களும் விட்டிருக்காங்க, அப்புறம் நிறுத்திட்டாங்க. இப்ப விடறாங்கன்னு பேச்சு இருக்கு, இவரு பாக்கலையாம். மூடக் கூடாதுன்றாரு." நான் எழுதி வைத்த வரிகளோடு ஒத்துப்போனது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடைசிச் சண்டை தம்ப்நெயிலில். "ராத்திரியில் திறந்து விடறாங்க!" என்று மேற்கோள் குறிக்குள் போட்டு, பெரியவர் படத்தையும் வைத்துத் தயார் செய்திருந்தார்கள். வீடியோவைக் காப்பாற்றி, தம்ப்நெயிலில் கோட்டை விட்டால் என்ன பயன்? பாதிப் பேர் அதை மட்டும்தான் பார்ப்பார்கள். மேற்கோள் குறிக்குள் போட்டால் அவர் முழுசாகச் சொன்ன ஒன்றைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். "தண்ணிய சுத்தம் பண்ணு, வேலயும் குடு" என்று மாற்றினார்கள்.

வெளியானதும் ஒரு டேனரி தரப்பிலிருந்து சேனலுக்குப் போன் வந்தது, பேச்சை வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள் என்று. வெட்டின இடங்களைக் குறித்த முழு எழுத்துப் பிரதியையும் அந்தப் பதிலின் ஒரிஜினல் ஆடியோவையும் அன்றே அனுப்பச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போன் இல்லை. பொறுப்பாளர் அடுத்த பேட்டியை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுக்கும்போதே எழுத்துப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தார்.