கிரிப்பரை மாற்றிய பின் நுனியைக் கண்டறிதல்: சாய்வு ஏன் வேண்டும்

என் ஆறு அச்சு ரோபோ கையில் இருந்த உறிஞ்சு குழலைக் கழற்றிவிட்டு இருவிரல் கிரிப்பரைப் பொருத்தினேன். கட்டுப்படுத்திக்குத் தெரிவது மணிக்கட்டுத் தட்டின் நிலை மட்டுமே என்பதால், தட்டின் நடுவிலிருந்து புதிய நுனி x, y, z திசைகளில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை நாம்தான் கண்டறிந்து தர வேண்டும்.

கிரிப்பர் விரல்களுக்கிடையே கூர்முனைக் கம்பி ஒன்றைப் பிடிக்க வைத்தேன். மேசையில் அசையாமல் நிறுத்திய ஊசியின் முனையை அந்தக் கம்பிமுனையால் வெவ்வேறு கோணங்களில் தொட்டு, ஒவ்வொரு முறையும் தட்டின் நிலையைக் குறித்துக்கொண்டேன். அப்போது கருவி அளவுகள் யாவும் சுழியமாக இருக்க வேண்டும். பழைய கருவியின் அளவு உள்ளே இருந்தால் திரையில் தெரிவது தட்டின் நிலையாக இராது. தொட்ட புள்ளி எப்போதும் ஒன்றே என்பதால், நுனியின் தள்ளலையும் ஊசியின் இடத்தையும் மீச்சிறு வர்க்க முறையில் சேர்த்தே கணக்கிடலாம். கீழே `R` என்பது ஒவ்வொரு தொடுகையிலும் தட்டின் சுழற்சி அணிகளின் பட்டியல், `p` தட்டின் இடங்களின் பட்டியல்:

```python
A = np.vstack([np.hstack([Ri, -np.eye(3)]) for Ri in R])
b = -np.hstack(p)
x, _, rank, s = np.linalg.lstsq(A, b, rcond=None)
tip, pin = x[:3], x[3:]
```

முதல் தொகுப்பில் கையைச் செங்குத்து அச்சில் நன்றாகச் சுழற்றி, 5 பாகை மட்டுமே சாய்த்தேன். z 141.3 மி.மீ. என வந்தது. அடுத்த தொகுப்பில் 45 பாகை வரை சாய்த்தபோது x, y ஏறக்குறைய மாறாதிருக்க, z மட்டும் 142.6 ஆனது. இரண்டிலும் மிச்சப்பிழை 0.1 மி.மீ. அளவில்தான் இருந்தது, ஆகவே மிச்சப்பிழை சிறியது என்பதை மட்டும் வைத்து விடையை நம்ப முடியாது.

காரணம் எளியது. சாய்க்காமல் சுழற்றினால், கருவியின் நீளத்தை, அதாவது z-ஐ, எவ்வளவு தவறாகக் கொண்டாலும் கணக்கு பொருந்திவிடும். அப்போது `rank` 6-க்குப் பதில் 5 ஆகும். 5 பாகை சாய்த்தால் 1 மி.மீ. நீளப் பிழை நுனியை 0.09 மி.மீ. அளவே நகர்த்தும், 45 பாகையில் 0.77 மி.மீ. நகர்த்தும். கண்ணால் பார்த்துத் தொடும்போது 0.1 மி.மீ. தவறுவது இயல்பு, அது சிறு சாய்வில் 1 மி.மீ.க்கும் மேற்பட்ட நீளப் பிழையாகப் பெருகிவிடுகிறது. மூட்டுப் பல்சக்கரங்களில் சிறிது தளர்வு இருப்பதால், ஒவ்வொரு தொடுகையிலும் ஊசியை மேலிருந்து கீழாகவே நெருங்கினேன்.

கிடைத்த அளவை ஏற்றிய பின், நுனியை நிலையாக வைத்துக் கருவியின் அச்சில் 180 பாகை திருப்பிப் பார்த்தேன். இங்கே நுனி நகரும் தொலைவில் பாதிதான் x, y தளத்தின் பிழை. நீளப் பிழை இந்தச் சோதனையில் தெரியாது என்பதால், நுனியைச் சுற்றிக் கையைச் சாய்த்தும் பார்க்க வேண்டும். 142.6 என்ற அளவில் கம்பிமுனை ஊசியை விட்டு விலகவில்லை, 141.3-ஐ ஏற்றியபோது பக்கவாட்டில் விலகியது கண்ணுக்கே தெரிந்தது.

கம்பி விரல்நுனிக்கு வெளியே 30 மி.மீ. நீண்டிருந்தது. அதைக் கழித்து, விரல்நுனிக்கான z அளவை 112.6 எனப் பதிந்திருக்கிறேன்.