பொதுப் பெட்டி: சில நாட்கள்

ஜூன் 7

இன்று மாலை கீழ்த்தளக் கூடத்தில் பாய்களை விரித்து, குடும்பங்கள் கொண்டுவந்த பொம்மைகளைப் பரப்பினோம். ஒன்று கொடுத்தவர் ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்பதே ஏற்பாடு. மூன்றாம் மாடிச் சிறுவன் தன் மர ரயிலைக் கொடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் கார் ஒன்றை எடுத்துக்கொண்டான். காரின் விளக்கு அணைந்ததும் ரயிலைத் திரும்பக் கேட்டான். அதற்குள் ரயில் ஐந்தாம் மாடிக்குப் போய்விட்டது. அந்த வீட்டுக் குழந்தை அதை அணைத்துக்கொண்டே தூங்கிவிட்டதாக அவளுடைய அம்மா சொன்னார். இரண்டு வீட்டுப் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஜூன் 8

ரயிலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 10

பரிமாற்றத்தின் சிக்கல் அதன் முடிவான தன்மையில்தான் இருக்கிறது. கொடுத்தால் திரும்பாது என்பது நான்கு வயதுக் குழந்தைக்கு விளங்குவதில்லை. கையிலிருக்கும் புதிய பொருளின் ஆசை தீர்ந்த பிறகுதான் பழையதன் இழப்பு அதற்கு உறைக்கிறது. அதோடு, கொண்டுவர ஒன்றும் இல்லாத வீட்டுக் குழந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இரவல் முறையில் இந்த இரண்டு சங்கடமும் இல்லை.

ஆனால் இரவல் கொடுக்கப் பொம்மைகள் பொதுவாக வேண்டும், அவை யாரோ ஒரு குழந்தையிடமிருந்துதான் வர வேண்டும். மூன்றாம் மாடி அக்காவோடு பேசி இப்படி முடிவு செய்தோம்: தரப்படும் பொம்மை முதலில் ஒரு மூடிய பெட்டியில் குழந்தையின் பெயர் எழுதி ஒரு வாரம் இருக்கும். அதற்குள் குழந்தை தானாகக் கேட்டால், ஒரு கேள்வியும் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடும். கேட்காதவை மட்டும் எண் பெற்றுப் பொதுவில் சேரும். உறங்கும்போது கூடவே வைத்துக்கொள்ளும் பொம்மைகளை வாங்குவதே இல்லை.

ரயில் இப்போதைக்கு இரு வீட்டிலும் இரண்டிரண்டு வாரம் இருக்கும். இரு அம்மாக்களும் ஒப்புக்கொண்டார்கள். சிறுவன் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூன் 12

பொம்மைகளை வைத்து இரவல் கொடுக்கக் குடியிருப்புச் சங்கத்திடம் அறை கேட்டிருக்கிறோம். பதில் இல்லை.

ஜூன் 15

வந்தவற்றை நான்கு பேர் உட்கார்ந்து தரம் பிரித்தோம். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பெட்டியில் எது சேரலாம் என்பதற்கு ஒரு குழாய் வைத்துக்கொண்டோம். பொம்மைத் தயாரிப்பில் பயன்படும் சோதனை உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதன் அடி சாய்வானது, ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். ஒரு பொருளை அழுத்தாமல் போட்டு, அது முழுவதும் உள்ளே அடங்கிவிட்டால், சிறு குழந்தையின் தொண்டையை அது அடைக்கக்கூடும். முழுப் பொம்மையைச் சோதிப்பது போதாது. ஒரு துணிக் கரடி குழாய்க்கு மிகப் பெரியது. ஆனால் அதன் இடது கண் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது, இழுத்தவுடன் கையோடு வந்தது, குழாய்க்குள் ஓசையோடு விழுந்தது.

பட்டன் பேட்டரி உள்ளவற்றைத் தனியே வைத்தோம். மூடி திருகாணியால் பூட்டப்படாத எதையும் ஏற்பதில்லை. விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஒருவர் வருத்தப்பட்டார், புதிதாக வாங்கியது என்றார். வருத்தம் எனக்கும் உண்டு.

குளியல் வாத்துகளில் ஒன்றை நடுவில் அறுத்துப் பார்த்தோம். வெளியே பளிச்சென்ற மஞ்சள், உள்ளே கருப்புப் பூஞ்சை. அடியில் துளையுள்ள அனைத்தையும் விலக்கினோம்.

ஜூன் 16

பதில் இல்லை.

ஜூன் 20

துண்டுகள்தான் இந்த வேலையின் உயிர். முழுப் பொம்மை தொலைவது அரிது; ஒவ்வொன்றாகத் துண்டுகள் தொலைந்து பொம்மை பயனற்றுப் போவதே வழக்கம். ஒவ்வொரு பையிலும் ஒரு அட்டை: எண், உள்ளே இருப்பவற்றின் படம், துண்டுகளின் எண்ணிக்கை. புதிர்ப்படங்களின் துண்டுகளுக்குப் பின்புறம் ஒரே நிறக் குறி இட்டோம், இரண்டு படங்கள் கலந்துவிட்டால் திருப்பிப் போட்டுப் பிரித்துவிடலாம்.

திரும்ப வரும்போது எண்ணுவதற்கு நேரம் பிடிக்கிறது, வாசலில் வரிசை நிற்கிறது. எதிர்வீட்டு அண்ணன் சமையலறைத் தராசு கொண்டுவந்தார். 48 துண்டுள்ள யானைப் படம் 240 கிராம். ஒரு துண்டு ஏறக்குறைய ஐந்து கிராம். ஒன்று குறைந்தால் தராசு காட்டிவிடும். ஆனால் 300 சிறு கட்டைகள் உள்ள பையில் ஒன்றின் எடை ஒரு கிராம்தான், தராசின் தடுமாற்றமே அவ்வளவு இருக்கும். அந்தப் பையில் இரண்டொன்று குறைவதைக் கண்டுகொள்ளப் போவதில்லை, அது விளையாட்டைக் கெடுக்காது. படத்திலோ ஒன்று குறைந்தாலும் குறைதான்.

ஜூன் 28

நான்கு நாட்களாக மழை. யானைப் படம் இன்று திரும்பியது. எடை 241. சரியாக இருக்கிறது என்று பையைக் கட்டப்போன நேரத்தில் பக்கத்திலிருந்த குழந்தை அதைத் தரையில் அடுக்கத் தொடங்கிவிட்டது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

241 எப்படி வந்தது என்று மாலை முழுவதும் யோசித்தோம். படத்துண்டுகளின் அட்டை காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. நூற்றுக்கு இரண்டரை பங்கு ஏறினாலே 240 கிராம் படத்தில் ஆறு கிராம் கூடிவிடும். மீதமிருந்த 47 துண்டுகள் அந்த ஆறு கிராமை ஏற்றிக்கொண்டு, போன ஐந்து கிராமை மறைத்துவிட்டன. மறுபையிலிருந்த, யாரும் தொடாத வேறொரு படத்தை நிறுத்துப் பார்த்தோம். அட்டையில் எழுதியதைவிட அதுவும் கூடுதலாகவே காட்டியது. இனிமேல் தராசு பிளாஸ்டிக்குக்கு மட்டும். அட்டைப் படங்களை இரவல் எடுத்த குழந்தையே வந்து அடுக்கிக் காட்டட்டும். பத்து நிமிட வேலை, அதுவும் விளையாட்டுத்தான்.

ஜூன் 29

தொலைத்தவர் பணம் கட்ட வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் கடுமையாக எதிர்த்தேன். 1935இல், பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலத்தில், லாஸ் ஏஞ்சலஸில் பொம்மை இரவல் தொடங்கியபோது அது வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கியது. அபராதம் வைத்தால் முதலில் வராமல் போவது, அன்று பாய் ஓரத்தில் வெறுங்கையோடு நின்ற அந்தக் குழந்தைதான். அதன் அம்மா, “தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் பையைத் திறக்கவே விடுவதில்லை, அக்கா” என்று முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார். முடிவெடுக்காமல் கலைந்தோம்.

ஜூன் 30

யானையின் கண் கிடைக்கவில்லை. மெத்தைக்கு அடியிலும் தேடிவிட்டார்களாம்.

ஜூலை 2

ஓட்டையின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் விளிம்பு அப்படியே பதிகிறது. அதே தடிமனுள்ள அட்டையில் அதை ஒட்டி, கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, பொருந்தும்வரை உப்புத்தாளால் தேய்த்தோம். இரண்டு முனைகளும் பிடித்துக்கொண்டன. கண்ணை, படத்தைக் கொண்டுபோயிருந்த சிறுமியே வரைந்தாள். உண்மையான கண்ணைவிடப் பெரியது. அட்டையில் ‘48, ஒன்று நாம் செய்தது’ என்று எழுதினேன். அபராதப் பேச்சு இன்று எழவில்லை.

ஜூலை 4

மர ரயில் மாறும் நாள். சிறுவன் அதைக் கேட்கவே வரவில்லை, புதிர்ப்படம் எடுத்துப் போனான்.

ஜூலை 5

அறை கிடைத்துவிட்டது! வாரம் இரண்டு மாலைகள், ஒன்றரை மணி நேரம். அலமாரியைச் சுவரோடு இரும்புப் பட்டியால் பிணைக்காமல் ஒரு பொம்மையையும் ஏற்றக்கூடாது, பிள்ளைகள் தட்டில் கால் வைத்து ஏறத்தான் செய்வார்கள். கனமானவை கீழ்த்தட்டில். துளையிடும் கருவி எதிர்வீட்டு அண்ணனிடம் இருக்கிறது, நாளைக் காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.